நாற்பத்தெட்டாயிரம் எங்கே போனது?

சித்திரை வெயில் தணிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஊராட்சிப் பள்ளி வராந்தாவில் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கபடியும் கையுந்துபந்தும் ஆடுகிற, எண்பது உறுப்பினர் கொண்ட கழகம். பொருளாளராக இருந்த இளைஞர் கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து ஆண்டுக் கணக்கை வாசித்தார். சந்தா இவ்வளவு, நன்கொடை இவ்வளவு, போட்டிச் செலவு இவ்வளவு என்று இறங்கிக்கொண்டே வந்து, "இன்றைய இருப்பு ஐயாயிரம் ரூபாய்" என்று முடித்தார்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். "தம்பி, போன வருசம் கணக்கு முடிக்கிறப்ப நாப்பத்தெட்டாயிரம் இருந்துச்சு. நீதான் வாசிச்ச. இப்ப அஞ்சாயிரம்ங்கிற. வருசம் பூரா வசூலும் பண்ணியிருக்கீங்க. மிச்சம் எங்கப்பா?"

"மாமா, ஒவ்வொண்ணுக்கும் பில்லு இருக்கு. பாருங்க."

"பில்லு இருக்கும்ப்பா. கழகம் முன்னேறிச்சா, நஷ்டப்பட்டுச்சா? அதச் சொல்லு."

இளைஞரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கையில் இருந்த தாளில் அதற்கான பதிலே இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அன்றிரவு அவர் பில் கட்டையும் பாஸ்புக்கையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஒரு ரூபா எடுக்கலண்ணே" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அவர் எடுக்கவில்லை என்பது பில்களைப் பார்த்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் பெரியவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேறொரு கணக்கு வேண்டியிருந்தது. அதை இருவரும் உட்கார்ந்து போட்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எண்களையும் படிக்க எளிதாக முழு எண்களாக்கித் தருகிறேன்.

குழப்பத்தின் வேர் நம் பேச்சிலேயே இருக்கிறது. கோயில் திருவிழா முடிந்து ஒட்டுகிற தாளுக்கும் 'வரவு செலவுக் கணக்கு' என்றுதான் பெயர். கழகத்தில் வாசிக்கிற தாளுக்கும் அதே பெயர்தான். வரவு என்றால் கைக்கு வந்த பணமா, சம்பாதித்த வருமானமா? இரண்டையுமே அந்தச் சொல்லால் குறிக்கிறோம். வீட்டு விஷயம் என்றால் நமக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நகையை அடகு வைத்து லட்சம் ரூபாய் வாங்கி வந்தவர் அந்த மாதம் லட்சம் சம்பாதித்தார் என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்தப் பணத்தில் கறவை மாடு வாங்கியவர் லட்சத்தைத் தொலைத்துவிட்டார் என்றும் சொல்ல மாட்டோம். காது குத்துக்கு வந்த மொய் கையில் இருக்கும்போதே, யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது மொய் நோட்டில் இருக்கிறது. பொதுக் கணக்கு என்று வரும்போது மட்டும் இந்தத் தெளிவை விட்டுவிடுகிறோம்.

கணக்கியல் இதற்கு இரண்டு தனிப் பெயர்கள் வைத்திருக்கிறது. கைக்கு வந்த பணத்தையும் கையை விட்டுப் போன பணத்தையும் மட்டும் சொல்வது 'பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு'. அந்த ஆண்டுக்கு உரிய வருமானம் என்ன, அந்த ஆண்டுக்கு உரிய செலவு என்ன என்று சொல்வது 'வருவாய் மற்றும் செலவினக் கணக்கு'. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் பிரிவு எடுத்த பிள்ளைகள் இவ்விரண்டையும் படித்திருப்பார்கள். உங்கள் கழகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

பொருளாளர் வாசித்தது முதல் வகை. 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான அந்தத் தாளைச் சுருக்கினால் இப்படி வரும்:

பெறுதல்கள்
தொடக்க இருப்பு (ரொக்கம் 3,000, வங்கி 45,000) – 48,000
சந்தா – 46,800
போட்டி நுழைவுக் கட்டணம் – 24,000
போட்டி நன்கொடை – 60,000
விளக்குக்காக வந்த நன்கொடை – 50,000
வங்கி வட்டி – 1,200
மொத்தம் – 2,30,000

செலுத்தல்கள்
ஃபோகஸ் லைட், கம்பம், வயரிங் – 1,20,000
பொங்கல் போட்டிச் செலவு – 70,000
பயிற்சியாளர் மதிப்பூதியம் – 22,000
பந்து, வலை, மருந்து – 7,000
மின்கட்டணம் – 6,000
இறுதி இருப்பு (ரொக்கம் 800, வங்கி 4,200) – 5,000
மொத்தம் – 2,30,000

இந்தத் தாளில் தவறே இல்லை. இது பணப் புத்தகத்தின் சுருக்கம். தொடக்க இருப்பில் ஆரம்பித்து இறுதி இருப்பில் முடியும். எந்த ஆண்டின் பணம் என்று கேட்காது. எதற்காக வந்தது, எதற்காகப் போனது என்று தரம் பிரிக்காது. ஏப்ரல் 1-க்கும் மார்ச் 31-க்கும் இடையில் பணம் கை மாறியிருந்தால் இதில் ஏறும், மாறாவிட்டால் ஏறாது. அதனால்தான் இதை யார் வேண்டுமானாலும் சோதிக்க முடிகிறது. தொடக்க இருப்பு, போன ஆண்டுத் தாளின் இறுதி இருப்பாக இருக்க வேண்டும். இறுதி இருப்பில் வங்கித் தொகை பாஸ்புக்கோடு ஒத்துப்போக வேண்டும். கொடுத்த செக்கு இன்னும் வங்கிக்குப் போகாமல் இருந்தால் வேறுபாடு வரும். அப்போது எந்தச் செக்கு என்று எழுதிக் காட்ட வேண்டும். ரொக்கத்தைக் கூட்டத்திலேயே எண்ணிக் காட்டலாம். சந்தாத் தொகையை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் கூட்டிச் சரிபார்க்கலாம். அடிக்கட்டை எண்கள் இடையில் விடுபடாமல் தொடர வேண்டும். பணம் களவு போயிருந்தால் தெரிவது இந்தத் தாளில்தான்.

இந்தத் தாளை எழுதும்போது பலர் செய்கிற பிழை ஒன்று உண்டு. போட்டியன்று வசூலான ரொக்கத்தை மறுநாள் வங்கியில் கட்டுகிறோம். அதைச் செலுத்தல் பக்கத்தில் 'வங்கியில் கட்டியது' என்று எழுதிவிடுவார்கள். சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைப்பது செலவாகாது. ரொக்கமும் வங்கியும் சேர்ந்து கழகத்தின் ஒரே கை. கழகத்தை விட்டு வெளியே போனதும் வெளியிலிருந்து வந்ததும் மட்டுமே இங்கே இடம்பெற வேண்டும். நம் பொருளாளர் இதைச் சரியாகவே செய்திருந்தார்.

இனி பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். அதற்கு இதே எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, 'நீ இந்த ஆண்டைச் சேர்ந்தவனா? நீ உண்மையிலேயே வருமானமா, செலவா?' என்று விசாரிக்க வேண்டும்.

முதலில் சந்தா. கைக்கு வந்தது 46,800. ஆளுக்கு ஆண்டுக்கு 600 ரூபாய். ரசீதுகளைப் பிரித்துப் பார்த்தோம். ஆறு பேர் போன ஆண்டு பாக்கியை இந்த ஆண்டு கட்டியிருந்தார்கள், அது 3,600. நான்கு பேர் வெளியூர் வேலைக்குப் போவதால் அடுத்த ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள், அது 2,400. இரண்டையும் கழித்தால் இந்த ஆண்டுக்கென்று வந்தது 40,800. அதாவது 68 பேர் கட்டியிருக்கிறார்கள். மீதிப் பன்னிரண்டு பேர் இன்னும் 7,200 தர வேண்டும். வருவாய்க் கணக்கு கேட்பது 'எவ்வளவு வந்தது' என்று அல்ல, 'எவ்வளவு உரியது' என்று. எண்பது பேரும் ஆண்டு முழுக்க மைதானத்தை உபயோகித்தார்கள்; ஆக உரியது 80 × 600, அதாவது 48,000.

போன ஆண்டு பாக்கி போன ஆண்டின் வருமானமாக அப்போதே ஏறியிருக்க வேண்டியது. அதை இங்கே மறுபடி ஏற்றினால் ஒரே பணத்தை இருமுறை சம்பாதித்ததாகிவிடும். அடுத்த ஆண்டுச் சந்தா இப்போதைக்குக் கழகத்தின் பணமே அல்ல. அந்த நான்கு பேருக்கு அடுத்த ஆண்டு மைதானத்தில் இடம் கொடுக்கிற கடன் அது.

அடுத்து போட்டி. பொங்கலுக்கு நடத்திய மின்னொளி கபடியில் 24 அணிகள் வந்தன. அணிக்கு ஆயிரம் வீதம் 24,000 நுழைவுக் கட்டணம். ஊரில் வசூலான போட்டி நன்கொடை 60,000. இரண்டுமே அந்தப் போட்டிக்காக வந்து அந்தப் போட்டியிலேயே முடிந்தவை. அப்படியே வருவாயாக ஏறும். செலவில் மட்டும் ஒரு சிக்கல். பரிசு 40,000, சாப்பாடு 10,000, நடுவர்களுக்கு 6,000, பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் 18,000 என்று போட்டிக்கு ஆன செலவு 74,000. தாளில் இருந்ததோ 70,000. பந்தல்காரருக்கு இன்னும் நாலாயிரம் தர வேண்டும். அவர் தெரிந்தவர் என்பதால் பொறுத்திருந்தார். பணம் கொடுக்காதது நம் கை வசதி. செலவு ஆனது ஆனதுதான். வருவாய் செலவினக் கணக்கில் 74,000 ஏறும். பயிற்சியாளர் விஷயமும் இப்படியே. மாதம் 2,000 மதிப்பூதியம். பதினோரு மாதம் கொடுத்தாயிற்று, மார்ச் மாதத்துக்குத் தரவில்லை. செலவு 24,000.

விளையாட்டுக் கழகங்களுக்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மேடையில் 'முதல் பரிசு உபயம்' என்று அறிவித்து, உபயதாரரே உறையை எடுத்து வென்ற அணித் தலைவர் கையில் கொடுத்துவிடுவது உண்டு. அந்தப் பணம் பொருளாளர் கையைத் தொடவே இல்லை. ஆகவே பெறுதல் செலுத்தல் தாளில் அது வராது. பின்னால் 'நோட்டீஸில் போட்ட பரிசுப் பணம் கணக்கில் இல்லையே' என்று சண்டை கிளம்பும். வருவாய் செலவினக் கணக்கில் அதை நன்கொடையாக ஒரு பக்கமும் பரிசாக மறுபக்கமும் காட்டலாம். முடிவு மாறாது, கேள்வி மட்டும் அடங்கும். இந்தக் கழகத்தில் பரிசுப் பணம் முழுவதும் பொருளாளர் வழியாகவே போனதால் அந்தச் சிக்கல் எழவில்லை.

அடுத்தது விளக்கு. கூட்டத்தில் சந்தேகம் கிளம்பியதற்குக் காரணமே இதுதான். 1,20,000 ரூபாய் கையை விட்டுப் போயிற்று. ஆனால் மைதானத்தில் நான்கு கம்பங்கள் நிற்கின்றன. பந்து கிழிந்ததும் தூக்கி எறிகிறோம், அதனால் அது அந்த ஆண்டின் செலவு. கம்பத்தையும் விளக்கையும் பத்து ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் அதன் விலையைப் பத்து ஆண்டுகளும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும்: ஆண்டுக்கு 12,000. இதற்குப் பெயர் தேய்மானம். அக்டோபர் தொடக்கத்தில்தான் விளக்குப் போட்டார்கள் என்பதால் இந்த ஆண்டின் பங்கு அரை ஆண்டுக்கு 6,000 மட்டும். கழகத்திடம் ஏற்கெனவே வலைக் கம்பம், எடைப் பயிற்சிச் சாமான் என்று 20,000 ரூபாய் மதிப்புக்குப் பொருள்கள் இருந்தன. அவற்றின் தேய்மானம் 2,000.

விளக்குக்கென்று வந்த 50,000 நன்கொடையும் அதே மாதிரிதான். சென்னையில் தொழில் செய்யும் ஊர்க்காரர் ஒருவர் 'லைட் போடுங்கப்பா' என்று சொல்லிக் கொடுத்த பணம் அது. அதை எடுத்துப் போட்டி நடத்தவோ பந்து வாங்கவோ கழகத்துக்கு உரிமை இல்லை. ஆண்டுதோறும் வரக்கூடியதும் அல்ல. எனவே அது வருவாயில் சேராது. கழகத்தின் முதல் நிதியில், அதாவது கழகத்துக்கென்று நிலையாக இருக்கும் சொத்து மதிப்பில், நேரே போய்ச் சேரும். ஆயுள் சந்தாவையும் இப்படியே நடத்துவது வழக்கம். பத்துப் பேரிடம் ஐயாயிரம் வீதம் ஆயுள் சந்தா வாங்கிய கழகம் அந்த ஆண்டு பணக்காரக் கழகமாகத் தெரியும். ஆனால் அந்தப் பத்துப் பேரும் இனி வாழ்நாள் முழுக்கச் சந்தா கட்டப் போவதில்லை. அந்த ஐம்பதாயிரத்தை ஒரே ஆண்டில் ஜெர்சி வாங்கிச் செலவழித்த கழகம் பின்னால் தடுமாறும்.

விசாரணை முடிந்தது. இரண்டாவது தாள் இப்படி வந்தது:

செலவினங்கள்
போட்டிச் செலவு – 74,000
பயிற்சியாளர் மதிப்பூதியம் – 24,000
பந்து, வலை, மருந்து – 7,000
மின்கட்டணம் – 6,000
தேய்மானம் (6,000 + 2,000) – 8,000
உபரி – 14,200
மொத்தம் – 1,33,200

வருவாய்
சந்தா – 48,000
போட்டி நுழைவுக் கட்டணம் – 24,000
போட்டி நன்கொடை – 60,000
வங்கி வட்டி – 1,200
மொத்தம் – 1,33,200

கையிருப்பு 43,000 குறைந்த அதே ஆண்டில் கழகம் 14,200 ரூபாய் உபரி கண்டிருக்கிறது. பொருளாளர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத முன்னாடியே போட்டிருந்தா அந்தப் பேச்சு வந்திருக்காதேண்ணே" என்றார்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு மாற்றம் கண்ணில் படும். கணக்குப் புத்தக முறைப்படி முதல் தாளில் வந்த பணம் இடப்பக்கம் எழுதப்படுகிறது; இரண்டாவதில் வருவாய் வலப்பக்கம் போய்விடுகிறது. பணப் புத்தகம் போல நடப்பது முதலாவது, வியாபாரியின் இலாப நட்டக் கணக்கைப் போல நடப்பது இரண்டாவது. இரண்டாவது தாளில் தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் கிடையாது. உங்களிடம் ஒருவர் 'வருவாய் செலவினக் கணக்கு' என்று தலைப்பிட்ட தாளை நீட்டினால், அதில் 'தொடக்க இருப்பு' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தலைப்பு மாற்றிய பணக் கணக்கு. தேய்மானம் என்ற வரி இல்லாமல், பாக்கி, முன்பணம் என்ற பேச்சே இல்லாமல் இருந்தாலும் அதுவே பொருள்.

இரண்டாவது தாள் சரியா என்று எப்படித் தெரியும்? அதற்கு மூன்றாவதாக ஒரு சிறு தாள் போட்டோம்: மார்ச் 31 அன்று கழகத்திடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தர வேண்டும் என்ற இருப்புநிலைக் குறிப்பு. இருப்பவை: ரொக்கமும் வங்கியும் 5,000, வர வேண்டிய சந்தா 7,200, பழைய சாமான் 18,000, விளக்கு 1,14,000. ஆக 1,44,200. தர வேண்டியவை: பந்தல்காரருக்கு 4,000, பயிற்சியாளருக்கு 2,000, முன்கூட்டி வாங்கிய சந்தா 2,400. ஆக 8,400. கழித்தால் கழகத்தின் சொந்த மதிப்பு 1,35,800.

இதே மதிப்பை ஆண்டுத் தொடக்கத்தில் பார்த்தோம். கையிருப்பு 48,000, சந்தா பாக்கி 3,600, சாமான் 20,000. யாருக்கும் தர வேண்டியது எதுவும் இல்லை. ஆக 71,600. அதோடு இந்த ஆண்டு உபரி 14,200-ஐயும் விளக்கு நன்கொடை 50,000-ஐயும் கூட்டினால் 1,35,800. இரண்டு வழியில் போனாலும் ஒரே எண். எங்கேனும் ஒரு பாக்கியை ஒரு தாளில் மட்டும் விட்டிருந்தாலோ ஒரு நன்கொடையை இடம் மாற்றிக் கணக்கில் கொண்டுவராமல் போயிருந்தாலோ இது பொருந்தியிருக்காது.

பொருந்திவிட்டதால் எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. விளக்கு நன்கொடையை வருவாய்ப் பக்கத்தில் போட்டிருந்தால் உபரி 64,200 என்று காட்டியிருக்கும். இருப்புநிலைக் குறிப்பும் பொருந்தியே இருக்கும். அந்த 64,200-ஐ நம்பி அடுத்த ஆண்டு பெரிய போட்டிக்கு நோட்டீஸ் அடித்திருப்பார்கள். மாறாக, விளக்குக்குக் கொடுத்த 1,20,000 முழுவதையும் செலவினமாக எழுதியிருந்தால் தேய்மானம் 6,000-க்குப் பதில் அந்த 1,20,000 நின்று, கழகம் 99,800 ரூபாய் பற்றாக்குறையில் மூழ்கியதாகத் தெரிந்திருக்கும். முதல் தாளில் இருப்பது நடந்த சம்பவம். இரண்டாவது தாளில் கணக்கு எழுதுகிறவரின் தீர்மானமும் கலந்திருக்கிறது. விளக்கு பத்து ஆண்டு உழைக்கும் என்பது ஒரு தீர்மானம். பன்னிரண்டு பேரும் பாக்கியைக் கட்டுவார்கள் என்பது இன்னொன்று. பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது அவர்களில் நான்கு பேர் ஊரையே விட்டுப் போயிருந்தார்கள். அவர்களுடைய 2,400 வராது என்று ஒத்துக்கொண்டு அதைச் செலவாக எழுதினால் உபரி 11,800 ஆகிவிடும். கூட்டத்தில் அதையும் சொல்லிவிடுங்கள் என்றேன், சொன்னார்.

உபரி என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்தவர்களுக்கு முதல் தாளையும் மறுபடி காட்ட வேண்டியிருந்தது. கையில் இருப்பது 5,000. பந்தல்காரருக்கும் பயிற்சியாளருக்கும் சேர்த்து உடனே தர வேண்டியது 6,000. ஆண்டு முழுக்க உபரியில் ஓடிய கழகத்தால் அன்றைய கடனை முழுவதும் அடைக்க முடியாது! உபரியும் பழைய கையிருப்பும் மைதானத்தில் கம்பமாக நிற்கின்றன. கம்பத்தை வெட்டிச் சம்பளம் கொடுக்க முடியாது. ஏப்ரல் மாதம் எப்படி ஓடும் என்பதை முதல் தாள்தான் சொல்லும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கு வேலையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இனிமேல்தான். 14,200 உபரியில் போட்டியின் பங்கு எவ்வளவு? போட்டியால் வந்தது 84,000, போனது 74,000, மிச்சம் 10,000. போட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சந்தாவும் வட்டியும் சேர்ந்து 49,200. பயிற்சியாளர், பந்து, மின்சாரம், தேய்மானம் எல்லாம் சேர்ந்து 45,000. கழகத்தின் அன்றாட ஓட்டம் 4,200 ரூபாய் மிச்சத்தில்தான் நடக்கிறது. அடுத்த ஆண்டு விளக்கின் தேய்மானம் அரை ஆண்டுக்குப் பதிலாக முழு ஆண்டுக்கு ஏறும். அது 6,000 கூடுதல். வேறெதுவும் மாறாவிட்டாலும் செலவு 51,000 ஆகிவிடும், வருவாய் 49,200-லேயே நிற்கும். 1,800 ரூபாய் பற்றாக்குறை. விளக்கு ஆண்டு முழுக்க எரிந்தால் மின்கட்டணமும் ஏறும். மழை பெய்து ஒரு பொங்கல் போட்டி கெட்டுப்போனால் கழகம் தள்ளாடும். கைக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஆபத்து விளக்கு பழுதாகிற அன்றுதான் தெரிந்திருக்கும். அன்றைக்கு மாற்றுவதற்குப் பணம் இருக்காது.

பதிவு பெற்ற கழகங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவு செய்த சங்கம் வந்த பணத்தையும் போன பணத்தையும் எழுதி வைத்தால் மட்டும் போதாது. சொத்துகளுக்கும் பொறுப்புகளுக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒற்றைப் பணத் தாளோடு நின்றுவிடுகிற கழகம் அந்தக் கடமையில் பாதியைத்தான் செய்கிறது. பதிவு இல்லாத கழகம் என்றால் சட்டம் கேட்காது, ஊர் கேட்கும்.

மூன்று தாள்களோடு இரண்டு வாரம் கழித்து மறுபடி கூட்டம் கூடியது. பொருளாளர் முதலில் பாஸ்புக்கைச் சுற்றுக்கு விட்டார். பிறகு பழைய தாளையும் புதிய தாளையும் வாசித்தார். 48,000 எங்கே போனது என்று கேட்ட பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "அப்ப காசு லைட்டா நிக்குது. சரிதான். ஆனா அந்த லைட்டுக்கு வருசம் பன்னெண்டாயிரம் நாம சேர்க்கணும், அப்படித்தானே?" என்றார். அவர் புரிந்துகொண்ட அளவுக்கு நான் விளக்கியிருப்பேனா என்பது சந்தேகம்.

அன்று ஊரை விட்டுப் போன நான்கு பேரின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மீதி 76 பேருக்கும் ஆண்டுச் சந்தா 600-இலிருந்து 700 ரூபாயாக உயர்ந்தது. அது 53,200 ரூபாய் ஆகும். பந்தல்காரருக்கும் பயிற்சியாளருக்கும் உள்ள பாக்கியை, சந்தா பாக்கி வைத்திருந்த எட்டுப் பேரிடமிருந்து வரும் முதல் பணத்தில் கொடுப்பது என்று தீர்மானம் எழுதப்பட்டது. அதற்குக் கீழே முதல் கையெழுத்துப் போட்டவர் அந்தப் பெரியவர்.